மாதவிலக்குக்கு முன் வரும் இடுப்பு வலியும் கால் கனமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் மகளிர் நோய்ப் பிரிவில் பணிபுரிகிறேன். நகரத்திலிருந்தும் சேர்வராயன் மலைக் கிராமங்களிலிருந்தும் வரும் பெண்கள் என்னிடம் கேட்டவற்றை, அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே எழுதியிருக்கிறேன்.

தேதிக்கு ரெண்டு நாள் முன்னாடியே இடுப்பு கழண்டு விழற மாதிரி இருக்கு, தொடை ரெண்டும் கனக்குது. இது எல்லாருக்கும் வர்றதுதானா?

பெரும்பாலான பெண்களுக்கு ஏதோ ஓர் அளவில் வருவதுதான். ஆனால், "எவ்வளவு வலிக்கிறது?" என்பதைவிட, "எந்தத் தேதியில் தொடங்கி எந்தத் தேதியில் விடுகிறது?" என்பதையே நான் முதலில் கேட்பேன். கடுமையான வலிகூடச் சாதாரண வகையைச் சேர்ந்ததாக இருக்கலாம். மிதமான வலிகூட உள்ளே ஒரு நோய் வளர்வதைக் காட்டலாம். இரண்டையும் பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் நாட்கணக்குதான்.

வலி கர்ப்பப்பையிலதானே வரணும்? ஏன் இடுப்புலயும் தொடையிலயும் தெரியுது?

கருமுட்டை வெளிவந்த பிறகு புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் உயர்ந்து, கருப்பையின் உள்வரிச் சவ்வைத் தடிக்கவைத்துத் தாங்கி நிற்கிறது. கரு தங்காவிட்டால், மாதவிலக்குக்குச் சில நாட்களுக்கு முன் அந்த ஹார்மோன் சரிகிறது. அப்போது அந்தச் சவ்வு புராஸ்டாகிளாண்டின் என்ற பொருளைச் சுரக்கிறது. அது கருப்பைத் தசையை இறுக்கிப் பிழிகிறது. இறுக்கத்தின்போது தசைக்குச் செல்லும் இரத்தம் குறைவதால் வலி எழுகிறது. குடலிலும் அதே பொருள் வேலை செய்வதால்தான் சிலருக்கு அந்த நாட்களில் பேதியும் குமட்டலும் சேர்ந்து வருகின்றன.

கருப்பையிலிருந்து வரும் நரம்புகள் தண்டுவடத்துக்குள் நுழையும் இடங்களும், கீழ் முதுகிலிருந்தும் தொடையிலிருந்தும் வரும் நரம்புகள் நுழையும் இடங்களும் பெருமளவு ஒன்றே. செய்தி எங்கிருந்து வந்தது என்பதை மூளையால் துல்லியமாகப் பிரித்தறிய முடிவதில்லை. மாரடைப்பின் வலி இடது கையில் தெரிவதைப் போலவே, கருப்பையின் வலி இடுப்பின் பின்புறத்திலும் இரு தொடைகளின் முன்புறத்திலும் உட்புறத்திலும் தெரிகிறது. அது பெரும்பாலும் முழங்காலுக்கு மேலேயே நின்றுவிடும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் ஒரு கேள்விக்கு அது உதவும்.

கால் கனம் மட்டும் ஒரு வாரம் முன்னாடியே வந்துடுது. வலியோட இதுவும் ஒண்ணுதானா?

இல்லை, இது வேறு வழியில் வருவது. மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் உடல் சற்று அதிகமாக உப்பையும் நீரையும் பிடித்துவைக்கலாம்; இரத்தக் குழாய்களின் சுவர்களும் சிறிது தளர்கின்றன. வயிறு உப்புவதும், மார்பகம் கனத்து நோவதும், மாலையில் கொலுசு இறுகுவதும் அதனால்தான். ஐந்து, ஆறு நாட்களுக்கு முன்பே இந்தக் கனமும் அதனுடன் மந்தமான ஓர் இடுப்பு உளைச்சலும் வந்து, இரத்தப்போக்கு தொடங்கி ஓரிரு நாட்களில் குறைந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. இரண்டு காலிலும் சமமாக இருக்கிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாள் முழுவதும் நின்று வேலை செய்பவர்களுக்கு இது கூடுதலாகத் தெரியும். ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் பழம் பறிக்கும் பெண்கள், சரிவில் ஒரு காலை மடக்கி ஒரு காலை ஊன்றிப் பல மணி நேரம் நிற்கிறார்கள். பறிப்புக் காலத்தில்தான் இந்தக் கனத்தை அவர்கள் அதிகம் சொல்கிறார்கள். மதிய இடைவேளையில் பத்துப் பதினைந்து நிமிடம் படுத்து, கால்களை ஒரு மூட்டையின் மீது நெஞ்சுக்கு மேலே உயர்த்திவைத்தால் நன்றாகக் குறைகிறது.

இதிலேயே கவனிக்க வேண்டிய ஒரு வகையும் உண்டு. இரண்டு மூன்று பிரசவம் ஆன பெண்ணுக்கு, அடிவயிறு கீழே இழுப்பது போன்ற பாரம் நிற்க நிற்க ஏறி, மாலையில் உச்சத்துக்கு வந்து, படுத்தால் தணிகிறது. உறவுக்குப் பின் பல மணி நேரம் உளைகிறது. தொடையின் உட்புறத்திலோ பிறப்புறுப்பின் அருகிலோ நரம்புகள் புடைத்துத் தெரிகின்றன என்றால், இடுப்புக்குழியின் சிரைகள் வீங்கி இரத்தம் தேங்கியிருக்கக்கூடும். காலில் வரும் நரம்புச் சுருட்டு இடுப்புக்குள் வந்தது போன்றது இது. உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் சிகிச்சை உண்டு. அதனால் "வயசாயிடுச்சு" என்று விட்டுவிட வேண்டியதில்லை.

சாதாரண வலின்னா சரியா எத்தனை நாள் இருக்கும்?

இரத்தப்போக்குக்குச் சில மணி நேரம் முன்போ, அதிகம் போனால் ஓரிரு நாள் முன்போ தொடங்கும். முதல் நாளில் உச்சத்தில் இருக்கும். இரண்டு மூன்று நாட்களில், பெரும்பாலும் 72 மணி நேரத்துக்குள், அடங்கிவிடும். பூப்பெய்திய ஓரிரு ஆண்டுகளில், கருமுட்டை ஒழுங்காக வெளிவரத் தொடங்கிய பிறகு, இந்த வலி ஆரம்பிக்கிறது. அதன்பின் ஆண்டுக்கு ஆண்டு ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். வயது ஏற ஏறக் குறையவும் செய்யும்.

இந்த ஒழுங்கு மூன்று விதமாகக் கெடலாம். வலி முன்னும் பின்னும் நீண்டு, மாதவிலக்குக்கு நான்கைந்து நாள் முன்பே வேலையை நிறுத்தும் அளவுக்கு வந்து, இரத்தம் நின்ற பிறகும் தொடரலாம். ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போகலாம். பத்துப் பதினைந்து ஆண்டுகள் வலியே இல்லாதிருந்த பெண்ணுக்கு முப்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கலாம். இவற்றில் எது இருந்தாலும் பரிசோதனை வேண்டும். கருப்பையின் உள்வரிச் சவ்வைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ், அந்தத் திசு கருப்பைத் தசைக்குள்ளேயே ஊடுருவும் அடினோமயோசிஸ், கருப்பைக் கட்டிகள், நாள்பட்ட கிருமித்தொற்று ஆகியவையே பொதுவான காரணங்கள்.

டாக்டர்கிட்ட போனா எல்லாம் மறந்துடுது. எதை, எப்படிக் குறிச்சு வைக்கணும்?

கடையில் இலவசமாகக் கொடுக்கும் மாதக் காலண்டரே போதும். ஒவ்வொரு நாள் இரவும் அன்றைய கட்டத்தில் 0 முதல் 10 வரை ஓர் எண் எழுதுங்கள்; வலியே இல்லையென்றால் 0 என்று எழுத வேண்டும், காலியாக விடக்கூடாது. இரத்தம் போகும் நாட்களைச் சுற்றி வட்டமிடுங்கள். வலி ஒரு பக்கமா இரு பக்கமா, மலம் கழிக்கும்போது வலித்ததா, மாத்திரை போட்டீர்களா என்பதை ஒற்றைச் சொல்லில் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு அல்லது மூன்று மாதம் எழுதினால் போதுமானது. ஆனால், கடைசிக் கேள்வியில் சொல்லும் அவசர அறிகுறிகளில் ஏதாவது இருந்தால், காலண்டர் நிரம்பட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

இது எவ்வளவு தூரம் உதவும் என்பதற்கு ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அவருக்கு 31 வயது. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை. காலை முதல் மாலை வரை தரையில் சம்மணமிட்டு, குனிந்து, கண்ணிகளைப் பற்றவைப்பவர். இடுப்பு வலி உட்கார்ந்தே வேலை செய்வதால் வருகிறது என்று அவரும் வீட்டாரும் நம்பியிருந்தார்கள்; இரண்டு ஆண்டுகளாக எண்ணெய் தேய்ப்பதும் ஒத்தடம் கொடுப்பதுமாக ஓட்டியிருந்தார். முதுகைப் பார்த்தபோது, இடுப்புக்கு மேலே தோலில் வலை பின்னியது போலப் பழுப்பு நிறக் கோடுகள் இருந்தன. சூட்டை ஒரே இடத்தில் மாதக்கணக்கில் வைத்தால் வரும் தடம் அது. மாதத்துக்கு இரண்டு நாள் ஒத்தடம் கொடுப்பவருக்கு அப்படி வருவது அரிது. காலண்டர் எழுதிக்கொண்டு வரச் சொன்னேன்.

மார்ச் மாதத்தில் 14 முதல் 18 வரை வட்டமிட்டிருந்தார். ஆனால் எண்கள் 7ஆம் தேதியே தொடங்கிவிட்டன: முதலில் 3, பிறகு 5, 14ஆம் தேதியில் 9. இரத்தம் நின்ற பிறகும் 20ஆம் தேதி வரை 4, 3 என்று இறங்கிக்கொண்டிருந்தது. 13ஆம் தேதிக் கட்டத்தில், "வெளிக்குப் போகும்போது குத்து" என்று பென்சிலில் சின்னதாக எழுதியிருந்தது. ஏப்ரலில் மாதவிலக்கு 11ஆம் தேதி வந்தது. வலி 3 முதல் 17 வரை. மே மாதத்தில் 9ஆம் தேதி. வலி 1 முதல் 15 வரை. மாதத்தில் பாதி நாட்கள் அவர் வலியிலேயே இருந்திருக்கிறார். மீதிப் பாதியில், அதே பட்டறையில், அதே தரையில், அதே எட்டு மணி நேரம் உட்கார்ந்தும் கட்டங்களில் 0 என்றே இருந்தது. வலி நாட்களுக்குள் வந்த ஞாயிற்றுக்கிழமைகளில், பட்டறைக்கே போகாதபோதும், எண் குறையவில்லை. காரணம் உட்காரும் விதம் அல்ல என்பதை அந்தத் தாள்களே காட்டிவிட்டன.

பரிசோதனையில் கருப்பைக்குப் பின்புறம் தொட்டாலே வலித்தது. பிறப்புறுப்பு வழியாகச் செய்த ஸ்கேனில் இடது சினைப்பையில், பழைய இரத்தம் தேங்கிய மூன்று சென்டிமீட்டர் கட்டி தெரிந்தது. சாக்லேட் சிஸ்ட் என்று சொல்வது அதைத்தான். எண்டோமெட்ரியோசிஸ் என்று முடிவு செய்தோம். அவருக்கு ஒரு குழந்தை இருந்தது, உடனே அடுத்த குழந்தைக்கு எண்ணமில்லை. அதனால் டைனோஜெஸ்ட் 2 மில்லிகிராம் என்ற ஹார்மோன் மாத்திரையைத் தினமும் ஒன்று எடுத்துக்கொள்ளச் சொன்னோம். முதல் சில மாதங்கள் திட்டுத்திட்டாக இரத்தம் படும் என்பதை முன்பே விளக்கினோம். அதைச் சொல்லாவிட்டால் பலர் பயந்து பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். நான்காவது மாதத் தாளில் மிக உயர்ந்த எண் 3.

ஸ்கேன்ல எல்லாம் நார்மல்னு சொல்லிட்டாங்க. அப்ப ஒண்ணும் இல்லைன்னுதானே அர்த்தம்?

அப்படி முடிவு செய்ய முடியாது. கட்டி உண்டாக்கிய எண்டோமெட்ரியோசிஸ் ஸ்கேனில் தெரியும். வயிற்றின் உள்ளுறையில் சின்னச் சின்னப் புள்ளிகளாகப் படிந்திருப்பது பெரும்பாலும் தெரியாது. காலண்டர் ஒன்று சொல்லி ஸ்கேன் இன்னொன்று சொன்னால், நான் காலண்டரின் பக்கமே சாய்வேன். ஸ்கேன் சரியாக இருந்தாலும், நோயின் அறிகுறிகளை வைத்தே ஹார்மோன் சிகிச்சையைத் தொடங்கிப் பார்க்கலாம்.

இதற்கு நேர்மாறான பயமும் உண்டு. அறிக்கையில் "கருப்பை பின்னால் சாய்ந்துள்ளது" என்று படித்துவிட்டு, அதுதான் இடுப்பு வலிக்குக் காரணம் என்று கலங்கி வருகிறார்கள். ஏறக்குறைய ஐந்து பெண்களில் ஒருவருக்குக் கருப்பை இயல்பாகவே அப்படித்தான் இருக்கும். அது மட்டுமே நோயாகாது.

எங்க அம்மாவுக்கும் இப்படித்தான் இருந்துச்சாம். கல்யாணம் ஆகி ஒரு குழந்தை பொறந்தா சரியாயிடும்னு சொல்றாங்க.

சாதாரண வகை வலி பிரசவத்துக்குப் பின் பலருக்குக் குறைவது உண்மை. ஆனால் எண்டோமெட்ரியோசிஸ் குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடியது. அம்மாவுக்கும் இருந்தது என்பது நிம்மதிக்கான காரணம் ஆகாது, கூடுதல் கவனத்துக்கான காரணம். அது கருத்தரிப்பதையே தாமதப்படுத்தக்கூடும் என்பதால், குழந்தை பிறக்கட்டும் என்று காத்திருப்பது சிலருக்குக் காலத்தை வீணாக்குவதாகிவிடுகிறது. மாதத்துக்கு இரண்டு நாள் பள்ளியை விட்டு வீட்டில் சுருண்டு கிடக்கும் மகளை, திருமணம் வரை பொறுத்துக்கொள்ளச் சொல்லாமல் அழைத்து வாருங்கள்.

மாத்திரை போட்டாப் பழகிடும்னு பயமா இருக்கு. போடலாமா, எப்படிப் போடணும்?

மாதவிலக்கு வலிக்குக் கொடுக்கும் வலி மாத்திரைகள் பழக்கமாகிவிடுபவை அல்ல. புராஸ்டாகிளாண்டின் உருவாவதையே தடுப்பவை என்பதால், வலி முற்றிய பிறகு போடுவதைவிட முதல் அறிகுறியிலேயே போடுவதுதான் பலன் தரும். பலர் தாங்கித் தாங்கிப் பார்த்து, முடியாத கட்டத்தில் ஒன்றைப் போட்டுவிட்டு, "கேட்கவில்லை" என்கிறார்கள். மெஃபெனமிக் அமிலம் 500 மில்லிகிராம் நாளைக்கு மூன்று வேளை, அல்லது ஐபுப்ரோஃபென் 400 மில்லிகிராம் எட்டு மணி நேரத்துக்கு ஒன்று, இரண்டில் ஒன்றை மட்டும், சாப்பிட்ட பிறகு, இரண்டு அல்லது மூன்று நாள் எடுப்பது பெரியவர்களுக்கான வழக்கமான அளவு. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, இத்தகைய மாத்திரைகளால் தூண்டப்படும் ஆஸ்துமா உள்ளவர்களும், கருவுற்றிருக்க வாய்ப்புள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது. மெஃபெனமிக் அமிலத்துக்கு அரிதாகக் கடுமையான ஒவ்வாமை வருவது குறித்து 2023இல் இந்திய மருந்தியல் ஆணையம் எச்சரித்தது. மாத்திரை போட்ட நாட்களிலோ அடுத்த சில வாரங்களிலோ காய்ச்சலுடன் உடலெங்கும் தடிப்பு வந்தால் நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள்.

வெந்நீர்ப் பை ஒத்தடம் நன்றாகவே கேட்கும். துணி சுற்றி வையுங்கள், வைத்துக்கொண்டே தூங்கிவிடாதீர்கள். உளுந்தங்களி நல்ல உணவு, தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் வலிக்குக் காரணமான நோய் இருந்தால் அதை அது மாற்றாது. மூன்று மாதவிலக்குகளுக்குச் சரியான நேரத்தில் சரியான அளவில் மாத்திரை எடுத்தும் எண் பாதியாகக்கூடக் குறையவில்லை என்றால், அதுவே மருத்துவரிடம் வருவதற்குப் போதுமான காரணம்.

இது தண்டுவட வலியா, மாதவிலக்கு வலியான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

தண்டுவடத் தட்டு விலகி நரம்பை அழுத்தினால், வலி பெரும்பாலும் ஒரு காலில், முழங்காலைத் தாண்டிக் கெண்டைக்கால், பாதம் வரை மின்சாரம் போல் இழுக்கும். குனிந்தால், இருமினால், தும்மினால் அதிகரிக்கும். தேதி பார்த்து வராது. மாதவிலக்கு வலி, முன்பு சொன்னது போல, இரு பக்கமும் பரவி, தொடையோடு நின்றுவிடும். குனிவதால் பெரிய மாற்றம் இருக்காது. ஒரு கால் இழுப்பு பாதம் வரை போய், அதுவும் மாதாமாதம் தேதி தவறாமல் வந்தால், அரிதாக எண்டோமெட்ரியோசிஸ் நரம்பின் அருகே இருக்கக்கூடும். தண்டுவடத்தைப் பார்க்கும் மருத்துவர், மகளிர் மருத்துவர் இருவரிடமும் அந்தத் தேதிக் கணக்கைச் சொல்லுங்கள்.

கால் கனத்தோட மேடு ஏறினா மூச்சும் வாங்குது. அதுவும் இதனாலயா?

அது இரத்தசோகையாக இருக்க வாய்ப்பு அதிகம். நாப்கின் ஒன்றிரண்டு மணி நேரத்தில் நனைந்துபோவது, பெரிய கட்டிகளாகப் படுவது, ஏழு நாட்களுக்கு மேல் போவது ஆகியவை இருந்தால் ஹீமோகுளோபினைப் பாருங்கள். 12 கிராமுக்குக் கீழே இருந்தால் குறைவு. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இந்தப் பரிசோதனையும் இரும்புச்சத்து மாத்திரையும் கிடைக்கும்.

எப்ப காத்திருக்கவே கூடாது?

ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் சூடாகி வலித்தால், ஆழ்சிரையில் இரத்தம் உறைந்திருக்கலாம். கருத்தடை மாத்திரையோ மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரையோ எடுப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவை ஒட்டி மருந்துக்கடையில் தாங்களாகவே அந்த மாத்திரையை வாங்கிப் போடுபவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. முன்பு இரத்தக்கட்டு வந்தவர்கள் கேட்காமல் எடுக்கவே கூடாது. கால் வீக்கத்தோடு மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்தால் அந்த நிமிடமே 108ஐ அழையுங்கள்.

சிறுநீர் வராமல் நின்றுபோவது, உட்காரும் இடமும் தொடையிடுக்கும் மரத்துப்போவது, கால்கள் வலுவிழப்பது ஆகியவை தண்டுவட நரம்புக் கொத்து நசுங்குவதன் அறிகுறிகள். மறுநாள் வரை வைத்திருக்கக் கூடாது. காய்ச்சலும் நாற்றமுள்ள வெள்ளைப்படுதலும் அடிவயிற்று வலியும் சேர்ந்தால் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மாதவிலக்கு தள்ளிப்போன பெண்ணுக்கு அடிவயிற்றின் ஒரு பக்கம் வலியெடுத்து, லேசாக இரத்தம் பட்டு, தலைசுற்றலோ தோள்பட்டை நுனியில் வலியோ வந்தால், கரு குழாயில் தங்கி வெடித்திருக்கலாம். "தேதி வரப்போகிறது, அதனால்தான் வலிக்கிறது" என்று பலர் படுத்துவிடுவது இந்த இடத்தில்தான். மலையில் இருப்பவர்கள் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கணக்கில் கொண்டு, விடியட்டும் என்று எண்ணாமல், வண்டியைக் கூப்பிட்டுவிட்டு, கருவுற்றிருக்கலாம் என்பதை ஏறும்போதே ஊழியரிடம் சொல்லிவிடுங்கள்.